குளுக்கோமீற்றரில் எண் வராதபோது: HI, LO, Er

வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பாமசிகளில் உள்ளங்கைக்குள் அடங்கும் குளுக்கோமீற்றரை இன்று எவரும் வாங்கிக்கொள்ளலாம். எமது வீடுகளில் அதை வாங்குபவர் வாப்பாவாகவோ நானாவாகவோ இருப்பார். ஆனால் உம்மம்மாவின் விரலில் ஊசி குத்தி, இரத்தத் துளியை ஸ்ட்ரிப்பில் வைத்து, திரையைப் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் எம்மைப் போன்ற ஒரு மாணவியே. 126, 180, 240 என்று எண் வந்தால் கொப்பியில் எழுதி வைக்கின்றோம். எண்ணே வராமல் HI என்றோ LO என்றோ Er என்றோ எழுத்து மட்டும் வந்தால் என்ன செய்வது? "மெஷின் பழுது, பிறகு பார்ப்போம்" என்று மூடி வைக்கும் வீடுகள் பல. அப்படி மூடி வைக்கக் கூடாத நேரம் அதுவே. அந்த மூன்று எழுத்துகளையும் பற்றி இக்கட்டுரையில் பார்ப்போம்.

மீற்றர் எண்ணும் எல்லை

ஸ்ட்ரிப்பின் நுனியிலே ஒரு நொதியம் பூசப்பட்டிருக்கின்றது. இரத்தத்திலுள்ள குளுக்கோசு அந்நொதியத்துடன் தாக்கமுறும்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகின்றது. குளுக்கோசு கூடினால் மின்னோட்டமும் கூடும். மீற்றர் அந்த மின்னோட்டத்தை அளந்து, சில செக்கன்களில் அதை எண்ணாக மாற்றித் தருகின்றது.

எந்த அளவுகருவிக்கும் ஓர் எல்லை உண்டு. நூறு கிலோ வரை நிறுக்கும் தராசில் நூற்றைம்பது கிலோ மூட்டையை வைத்தால் முள் கடைசியில் போய் நிற்கும். மூட்டையின் நிறை நூறைத் தாண்டிவிட்டது என்பது தெரியும்; எவ்வளவு தாண்டியது என்பது தெரியாது. குளுக்கோமீற்றரும் இப்படித்தான். எமது நாட்டில் பாவனையிலுள்ள மீற்றர்கள் பலவற்றின் மேல் எல்லை 600 mg/dL ஆகும். கீழ் எல்லை சிலவற்றில் 10, வேறு சிலவற்றில் 20. உங்கள் வீட்டு மீற்றரின் எல்லைகள் அதனுடன் வந்த கைநூலில் அச்சிடப்பட்டிருக்கும்.

ஆகவே HI என்றால் குளுக்கோசு 600ஐயும் தாண்டிவிட்டது என்று பொருள். LO என்றால் 10க்கோ 20க்கோ கீழே இறங்கிவிட்டது என்று பொருள். இவ்விரண்டும் பழுதைக் குறிக்கும் எழுத்துகள் அல்ல. மீற்றர் தன் வேலையைச் செய்து முடித்துச் சொல்லும் விடைகள். Er அல்லது E என்ற எழுத்து மட்டுமே "என்னால் அளக்க முடியவில்லை" என்று சொல்கின்றது. HI, LO இரண்டும் நோயாளியைப் பற்றிய செய்தி. Er பெரும்பாலும் கருவியைப் பற்றிய செய்தி.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். சில புதிய மீற்றர்கள் 212 என்ற எண்ணைக் காட்டி, அதன் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியையோ சிவப்பு நிறத்தையோ High என்ற சொல்லையோ காட்டும். அங்கே எண் இருக்கின்றது. வைத்தியர் குறித்த அளவைவிடக் கூடிவிட்டது என்பது மட்டுமே அதன் கருத்து. எண்ணே இல்லாமல் HI மட்டும் திரையில் நின்றால்தான் 600ஐத் தாண்டியதாகும்.

LO: முதலில் சீனி, பிறகு சந்தேகம்

நீரிழிவு உள்ளவருக்கு 70 mg/dLக்குக் கீழ் இறங்கினாலே அது தாழ்ந்த அளவு. உடனே கவனிக்க வேண்டும். 54க்குக் கீழ் இறங்குவது கடுமையானது. LO என்பது அதையும் விட எவ்வளவோ கீழே. மூளை தனது வேலைக்குப் பெரிதும் குளுக்கோசையே நம்பியிருக்கின்றது. குளுக்கோசு இறங்கும்போது முதலில் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், குளிர்ந்த வியர்வை கொட்டும், பசி எடுக்கும். மேலும் இறங்கினால் பேச்சுக் குளறும், காரணமில்லாமல் கோபம் வரும், நடை தடுமாறும். அதன் பின் வலிப்பும் மயக்கமும் வரலாம்.

LO வந்தவுடன் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அவர் விழித்திருக்கின்றாரா, சொன்னதைக் கேட்டு விழுங்கக் கூடியவரா?

விழுங்கக் கூடியவரானால் மறுபடியும் ஊசி குத்திக்கொண்டிருக்க வேண்டாம். மட்டமாக அள்ளிய மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பை தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். இது ஏறத்தாழ 15 கிராம் சீனியாகும். பாமசியில் விற்கும் குளுக்கோசுத் தூளையும் இதே அளவில் கரைத்துக் கொடுக்கலாம். அரைக் கோப்பை பழச்சாறோ சீனி சேர்த்த சோடாவோ இருந்தாலும் போதும். "டயற்" என்று எழுதிய சோடாவில் சீனி இல்லை, அது உதவாது. சொக்கலேற், பிஸ்கட், வட்டிலப்பம் ஆகியவை இனிப்பாக இருந்தாலும், அவற்றிலுள்ள கொழுப்பும் மாவும் குளுக்கோசு இரத்தத்தில் சேர்வதைத் தாமதிக்கச் செய்யும். எனவே முதலில் கொடுக்க அவை ஏற்றவையல்ல.

கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். இன்னும் 70க்குக் கீழ் என்றால் அதே அளவு சீனியை மறுபடியும் கொடுக்க வேண்டும். 70ஐத் தாண்டிய பின் சோறு, பாண் போன்ற உணவு கொடுக்க வேண்டும். சீனி விரைவாக ஏற்றும், ஆனால் நெடுநேரம் தாங்காது.

"ஸ்ட்ரிப் கெட்டுப்போய் LO வந்திருந்தால் என்ன செய்வது? நீரிழிவு உள்ளவருக்கு வீணாகச் சீனி கொடுத்துவிட்டோமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இரு பக்கத்தையும் நிறுத்துப் பாருங்கள். LO பொய்யாக இருந்து மூன்று தேக்கரண்டி சீனி கொடுத்தால் குளுக்கோசு சில மணி நேரம் சற்றுக் கூடி இருக்கும்; அதற்கு மேல் ஒன்றும் நேராது. LO மெய்யாக இருந்து நாம் சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றால் ஓர் உயிர் போகலாம். இதனாலேயே LO விடயத்தில் சீனிதான் முதல், சந்தேகம் பிறகு.

அவர் மயங்கியிருந்தால், வலிப்பு வந்திருந்தால், விழுங்க முடியாத அளவுக்குத் தூங்கி விழுந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சீனித் தண்ணீரும் தேனும் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழைக்க வேண்டும். அழைப்புக்கும் அம்பியூலன்ஸுக்கும் கட்டணம் இல்லை. "நீரிழிவு நோயாளி, மீற்றர் LO காட்டுகின்றது, மயக்கமாக இருக்கின்றார்" என்ற மூன்று செய்திகளையும் சொல்லி, வீட்டு இலக்கத்தையும் அருகிலுள்ள அடையாளத்தையும் சொல்ல வேண்டும். வைத்தியசாலையில் குளுக்கோசை நாளத்தின் வழியே நேராக ஏற்றுவார்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு

இதைத் தெளிவாக விளங்கிக்கொள்ள ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கொட்டாஞ்சேனையில் எழுபத்திரண்டு வயதான ஓர் உம்மம்மா. கிளினிக்கில் தந்த கிளிக்லசைட், மெற்போமின் ஆகிய இரு குளிசைகளைக் காலையும் இரவும் எடுப்பவர். இரண்டு நாளாகக் காய்ச்சல். சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் "குளிசையை விடக் கூடாது" என்று காலை ஏழு மணிக்கு வழமை போல எடுத்துவிட்டு, அரைக் கோப்பை கஞ்சியோடு படுத்துக்கொண்டார்.

பத்தே முக்காலுக்குப் பேத்தி அறைக்குள் போகின்றாள். உம்மம்மாவின் நெற்றியும் கழுத்தும் வியர்த்து நனைந்திருக்கின்றன. கேட்டதற்குப் பொருந்தாத பதில் வருகின்றது. மீற்றரில் LO.

"உம்மம்மா, இதக் குடிங்க. கொஞ்சம் கொஞ்சமா குடிங்க."

நிமிர்த்தி உட்கார வைத்து, நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரை அவர் தானாக விழுங்குகின்றாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கின்றாள். பதினொரு மணிக்கு மீற்றர் 58 காட்டுகின்றது. பேச்சுத் தெளிகின்றது, ஆயினும் 70க்குக் கீழ்தான். மறுபடியும் மூன்று தேக்கரண்டி சீனி. பதினொன்றே காலுக்கு 104. இரண்டு துண்டுப் பாணும் ஒரு வாழைப்பழமும் கொடுக்கின்றாள். எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

இங்கேதான் பல வீடுகள் ஏமாந்துவிடுகின்றன. பன்னிரண்டே முக்காலுக்குப் பேத்தி மறுபடியும் பார்க்கின்றாள்: 61. சாப்பிட்ட பின்னும் ஏன் இறங்கியது?

காரணம் குளிசையில் இருக்கின்றது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்றவை சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் குளிசைகள். காலையில் எடுத்த குளிசை பகல் முழுவதும் வேலை செய்துகொண்டே இருக்கும். வயதானவரின் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடலைவிட்டு நீங்க இன்னும் நேரமெடுக்கும். சாப்பாடு இறங்காவிட்டாலும் இன்சுலின் சுரந்துகொண்டிருக்கும். சீனி அதை ஒரு மணி நேரத்துக்கு எதிர்த்து நிற்கும்; பிறகு தோற்றுவிடும். அடுத்த நாள் வரையும் இவ்விறக்கம் திரும்பத் திரும்ப வரலாம்.

ஆகவே இவ்வகைக் குளிசை எடுப்பவருக்கு LO வந்தால், சீனியால் தெளிந்துவிட்டாலும் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலையும், வெள்ளவத்தையிலிருந்து களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையும் தொலைவல்ல. போகும்போது குளிசை அட்டைகளையும் கிளினிக் கொப்பியையும் மீற்றரையும் கொண்டுபோக வேண்டும். வழியில் குடிக்க ஒரு போத்தலில் சீனித் தண்ணீரும் வேண்டும். இரவுக் குளிசையை வைத்தியர் சொல்லும் வரை கொடுக்கக் கூடாது. இன்சுலின் ஊசி எடுப்பவரானால் அடுத்த ஊசியைப் பற்றி முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். மெற்போமினை மட்டும் எடுப்பவருக்கு இத்தகைய கடும் இறக்கம் அரிது. அதனால்தான் வீட்டிலுள்ளவர்கள் குளிசையின் நிறத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பது போதாது. பெயரையும் அறிந்திருக்க வேண்டும்.

HI: முதலில் கை கழுவுதல், பிறகு வைத்தியசாலை

LOவைப் போலன்றி HIயைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் செலவழிக்கலாம். ஏனெனில் பொய்யான HI வருவதற்கு வீட்டிலேயே ஒரு காரணம் உண்டு. அது விரலில் ஒட்டிய இனிப்பு.

ஸ்ட்ரிப் உறிஞ்சும் இரத்தம் ஒரு கடுகு அளவுகூட இராது. அவ்வளவு சிறிய துளியில் கண்ணுக்குத் தெரியாத அளவு பழச்சாறு கலந்தாலும் எண் ஏறிவிடும். யப்பானில் நீரிழிவு இல்லாதவர்களைப் பழம் உரிக்கச் செய்து, கை கழுவாமல் விரல் நுனியில் சோதித்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திராட்சை உரித்த விரலில் சராசரி அளவு 300ஐயும் தாண்டியது. அற்ககோல் பஞ்சால் துடைத்தும் அந்தப் பொய் முழுதாகப் போகவில்லை. குழாய் நீரில் கழுவிய பின்னரே உண்மை அளவு வந்தது. இப்தார் நேரத்தில் பேரீச்சம்பழம் தின்ற கையோடு சோதிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எனவே HI வந்தால் சவர்க்காரமிட்டு இளஞ்சூட்டு நீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, வேறொரு விரலில் புதிய ஸ்ட்ரிப்பால் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒரு தடவை மட்டுந்தான். நல்ல எண் வரும் வரை ஐந்தாறு ஸ்ட்ரிப்பை வீணாக்குவது காலத்தையும் வீணாக்குவதாகும். இரண்டாவது முறை 214 வந்தால் முதலில் வந்தது கையிலிருந்த இனிப்பு. இரண்டாவது முறையும் HI என்றால் அது மெய். வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும்.

600ஐத் தாண்டிய நிலையில் உடலுக்குள் என்ன நடக்கின்றது? சிறுநீரகம் மேலதிகக் குளுக்கோசைச் சிறுநீரோடு வெளியேற்ற முயல்கின்றது. குளுக்கோசு தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கின்றது. நோயாளி அடிக்கடி சிறுநீர் கழிப்பார். தாகம் எடுக்கும், நாக்கு வரண்டு ஒட்டும். முதியவர்களில் இது பல நாட்களாக மெல்ல மெல்ல வளர்ந்து, உடல் நீரின்றி வற்றி, கடைசியில் தூக்க மயக்கத்தில் கொண்டுபோய் விடும். பிள்ளைகளிலும் இளைஞரிலும், இன்சுலின் ஊசியை நம்பி வாழ்பவர்களிலும் இன்னொரு வகை ஆபத்து உண்டு. இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரித்துக் கீற்றோன் என்னும் அமிலப் பொருள்களை உண்டாக்கும். வயிற்று நோவு, வாந்தி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழுத்த பழம் போன்ற ஒரு மணம் ஆகியன அதன் அடையாளங்கள். இது சில மணி நேரத்திலேயே முற்றிவிடக் கூடியது. 300, 400 என்ற அளவிலும் இது வரலாம். ஆகவே இவ்வடையாளங்கள் இருந்தால் HI வரும்வரை காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது HIக்குப் பின் அவர் தெளிவாக இருந்தால், வாந்தி இல்லையென்றால், வெறும் தண்ணீரை அடிக்கடி குடிக்கக் கொடுத்துக்கொண்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். மயக்கமோ வாந்தியோ மூச்சுவாங்கலோ இருந்தால் 1990ஐ அழைக்க வேண்டும். "சீனி கூடித்தானே இருக்கின்றது, இரண்டு குளிசையாகக் கொடுப்போம்" என்று நினைப்பது தவறு. இன்சுலினையும் எம் எண்ணப்படி கூட்டிக் கொடுக்கக் கூடாது. 600ஐத் தாண்டிவிட்டது என்பது மட்டுமே எமக்குத் தெரியும். 620ஆ 1100ஆ என்பது தெரியாது. எவ்வளவு இன்சுலின், எவ்வளவு சேலைன் என்பதை ஆய்வுகூடப் பரிசோதனையைப் பார்த்தே வைத்தியர் தீர்மானிப்பார். அதே வேளை, "சாப்பிடவில்லையே" என்று இன்சுலினை நம்பி வாழ்பவர் ஊசியை அறவே நிறுத்திவிடுவதும் ஆபத்து.

HI என்ற இரண்டு எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதை 2013ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்வு காட்டுகின்றது. அவ்வாண்டு மார்ச் மாதம் லைஃப்ஸ்கான் நிறுவனம் தனது வன்டச் வேரியோ ஐகியூ மீற்றர்களைத் திரும்பப் பெற்றது. குளுக்கோசு 1024 mg/dL அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்த மீற்றர் எச்சரிக்கை எதையும் காட்டாமல் தானாக அணைந்துவிடும் என்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதைப் பார்ப்பவர் பற்றரி முடிந்துவிட்டது என்றே எண்ணுவார். நோயாளியின் நிலையோ மிக மோசமாக இருக்கும். இவ்வளவு கூடிய அளவு அரிதாகவே வரும். ஆனால் பிழை இருந்தது அந்த அரிதான இடத்தில்தான்.

Er: கருவியைச் சரிசெய், ஆளையும் பார்

Er, E, Error என்ற எழுத்துகளுடன் ஓர் இலக்கமும் வரும். அந்த இலக்கத்தின் பொருள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. ஒரு மீற்றரில் E-4 என்பது இரத்தம் போதாது என்றிருக்கும். இன்னொன்றில் வேறொன்றாக இருக்கும். கைநூலைப் பார்ப்பதே வழி. எனினும் காரணங்கள் பெரும்பாலும் நான்குதான்.

முதலாவது, இரத்தம் போதவில்லை. விரல் குளிர்ந்திருந்தால் துளி சிறிதாகவே வரும். கையை இளஞ்சூட்டு நீரில் கழுவி, சற்று நேரம் கீழே தொங்கவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். ஸ்ட்ரிப்பை முதலில் செருகி, துளி அடையாளம் திரையில் வந்த பின்னரே இரத்தத்தை வைக்க வேண்டும். முந்தி வைத்தாலும் Er வரும். வைத்த துளியோடு பின்னர் இன்னொரு துளியைச் சேர்த்தாலும் சரியான விடை வராது.

இரண்டாவது, ஸ்ட்ரிப் கெட்டுவிட்டது. கொழும்பின் ஈரக்காற்று ஸ்ட்ரிப்புக்குப் பகை. டப்பாவின் மூடியில் ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைக்கப்பட்டிருக்கும். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் மூடியை இறுக மூட வேண்டும். சமையலறையிலோ குளியலறையிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ டப்பாவை வைக்கக் கூடாது. ஸ்ட்ரிப்புகளை ஒரு சிறு உறையில் போட்டு உறவினருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பழக்கமும் கூடாது. கெட்ட ஸ்ட்ரிப் எப்போதும் Er காட்டுவதில்லை. சில வேளை நம்பும்படியான ஒரு பொய் எண்ணைக் காட்டும்.

மூன்றாவது, வெப்பநிலை. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கிடந்த மீற்றரும், ஏசி காற்று நேரே படும் இடத்திலிருந்த மீற்றரும் அளக்க மறுக்கலாம். நிழலான அறையில் இருபது நிமிடம் வைத்த பின் சரியாகிவிடும். நான்காவது, பற்றரி.

இந்த நான்கையும் சரிசெய்தும் Er மட்டுமே வந்தால் அடுத்த செய்தியைக் கவனியுங்கள். சில மீற்றர்களில் ஒரு குறிப்பிட்ட பிழை இலக்கம் மிக உயர்ந்த குளுக்கோசையும் குறிக்கலாம். எடுத்துக்காட்டாக, அக்கு-செக் பெர்போர்மா கைநூலில் E-3 என்பதற்கு, குளுக்கோசு மிக அதிகமாக இருக்கலாம் அல்லது மீற்றரிலோ ஸ்ட்ரிப்பிலோ பிழை இருக்கலாம் என்று விளக்கம் தரப்பட்டுள்ளது. அதாவது கருவியின் பழுதும் நோயாளியின் ஆபத்தும் ஒரே குறியில் மறைந்திருக்கின்றன. கருவியால் அவற்றைப் பிரிக்க முடியாது. ஆளைப் பார்த்து நாமே பிரிக்க வேண்டும். அவர் வழமை போலப் பேசி நடமாடினால் புதிய டப்பாவில் ஒரு ஸ்ட்ரிப்பால் பார்க்கலாம், அல்லது பக்கத்துப் பாமசியில் சோதிக்கலாம். தாகமும் வாந்தியும் சோர்வும் இருந்தால் HI வந்ததாகவே எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வியர்த்து நடுங்கிக் குளறினால் LO வந்ததாகவே எடுத்துக்கொண்டு சீனி கொடுக்க வேண்டும்.

லண்டனிலிருந்து வந்த மீற்றர்

வெள்ளவத்தை வீடுகளில் வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த மீற்றர்கள் நிறைய உண்டு. இங்கிலாந்திலும் கனடாவிலும் விற்பவை mmol/L என்ற அலகில் காட்டும். அதை 18ஆல் பெருக்கினால் எமக்குப் பழகிய mg/dL கிடைக்கும். எமது 70 அதில் 3.9, எமது 600 அதில் 33.3. அதில் 22.4 என்று வந்தால் எமது கணக்கில் ஏறத்தாழ 400. அலகைக் கவனிக்காதவர் இருபத்திரண்டு என்று படித்து, தாழ்ந்துவிட்டது என்று சீனித் தண்ணீர் கொடுத்துவிடக் கூடும். தசமப் புள்ளி இருக்கின்றதா என்பதை முதலில் பார்த்தால் இந்தத் தவறு நேராது.

நோன்பு நாட்களில்

ரமழானில் ஸஹருக்குக் குளிசை எடுத்துவிட்டுப் பகல் முழுவதும் உண்ணாதிருப்பவருக்குப் பிற்பகலில் இறங்குவதற்கும், இப்தாருக்குப் பின் ஏறுவதற்கும் வாய்ப்புக் கூடுதல். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறிவதில்லை என்று உலமாக்கள் விளக்கியிருக்கின்றார்கள். ஆகவே "நோன்போடு குத்தக் கூடாது" என்று சோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. சர்வதேச நீரிழிவு சம்மேளனம் ரமழானுக்கென வெளியிட்ட 2021ஆம் ஆண்டின் வழிகாட்டி, 70க்குக் கீழ் இறங்கினாலும் 300ஐத் தாண்டினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று கூறுகின்றது. LOவும் HIயும் அந்த எல்லைகளை எவ்வளவோ தாண்டியவை. மஃரிப் அதான் வரை காத்திருக்க அங்கே இடமே இல்லை.

மீற்றர் பைக்குள் ஒரு காகிதம்

இவ்வளவையும் பதற்றமான நேரத்தில் நினைவுபடுத்துவது கடினம். ஆகவே இன்றே ஒரு சிறு காகிதத்தில் நான்கு வரி எழுதி மீற்றர் பைக்குள் வைத்துவிடுங்கள். முதல் வரியில் உங்கள் மீற்றரின் கீழ் எல்லையும் மேல் எல்லையும் அலகும். இரண்டாம் வரியில் நோயாளி எடுக்கும் குளிசைகளின் பெயரும் இன்சுலினின் பெயரும். மூன்றாம் வரியில்: "LO — விழுங்க முடிந்தால் உடனே சீனி, 15 நிமிடத்தில் மறுபடி, மயக்கமானால் வாயில் ஒன்றுமில்லை. HI — கை கழுவி ஒரு தடவை, மீண்டும் HI என்றால் வைத்தியசாலை. Er — புதிய ஸ்ட்ரிப், ஆளைப் பார்." நான்காம் வரியில் 1990. உம்மா இல்லாத நேரத்தில் பையைத் திறப்பவள் பத்து வயதுத் தங்கையாக இருந்தாலும் அந்த நான்கு வரியை அவளால் படித்துவிட முடியும்.